கையில் சரக்கு இல்லாமல் ‘ரெடி ஸ்டாக்’ என்று விற்றால்: ஒரு முகூர்த்தப் புடவை ஆர்டரும் ஜூலை 24 என்ற தேதியும்

கேள்வி: ஐயா, மதுரையில் இருந்து இன்ஸ்டாகிராம் வழியாகப் புடவை விற்கிறேன். ஸ்டாக் வைத்துக்கொள்வதில்லை. சூரத் சப்ளையரின் படங்களைப் போட்டு, ஆர்டரும் பணமும் வந்த பிறகு அவரிடம் வாங்கி அனுப்புவேன். ஜூலை 10 அன்று ‘ரெடி ஸ்டாக், 5 நாளில் டிஸ்பாட்ச்’ என்று ரீல் போட்டேன். ஒன்று 2,400 ரூபாய். 31 பேர் வாங்கினார்கள். அந்த நிறம் தீர்ந்துவிட்டது, மறுபடி வர மூன்று வாரம் ஆகும் என்று ஜூலை 24 அன்று சப்ளையர் மெசேஜ் அனுப்பினார். ரீலுக்குப் பணம் கட்டியிருந்ததால் ஆகஸ்ட் 2 வரை ஓடியது. ஜூலை 26 அன்று கோவையில் ஒரு அம்மா, செப்டம்பர் 4 கல்யாணத்துக்கு ஒரே ராமர் பச்சையில் 18 புடவை கேட்டு 43,200 ரூபாய் அனுப்பினார். ஆகஸ்ட் 20க்குள் தருவதாகச் சொன்னேன். சரக்கு வந்தது செப்டம்பர் 6. அவர் வாங்க மறுத்து, கடையில் 3,600 ரூபாய்ப் புடவை எடுத்ததாகச் சொல்லி, பணம், வித்தியாசத் தொகை, மன உளைச்சலுக்கு 2 லட்சம் என்று வக்கீல் நோட்டீஸ் விட்டிருக்கிறார். இன்ஸ்டாவில் என்னைத் திருடி என்று எழுதுகிறார். 31 பேரில் 11 பேருக்கு இன்னும் புடவை போகவில்லை. என் பக்கத்தில் ‘நோ ரிட்டர்ன், நோ ரீஃபண்ட்’ என்று போட்டிருக்கிறேன். தவறு சப்ளையருடையது. அவர்மீது வழக்குப் போட்டு, இந்த அம்மாமீதும் அவதூறு வழக்குப் போடலாமா? – வாசகி, மதுரை.

பதில்: இரண்டு வழக்கும் வேண்டாம். உங்கள் கடிதத்தில் சட்டப்படி கனமான விஷயம் ஒன்றுதான். அதை நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். சரக்கு இல்லை என்று உங்களுக்குத் தெரிந்தது ஜூலை 24. கல்யாண ஆர்டருக்குப் பணம் வாங்கியது ஜூலை 26.

கையில் இல்லாத சரக்கை விற்பது குற்றமில்லை. இனிமேல் வரப்போகும் சரக்கை விற்க ஒப்புக்கொள்வதை 1930ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டமே அனுமதிக்கிறது. டிராப்ஷிப்பிங், ஆர்டரின் பேரில் நெய்து தருவது எல்லாம் அந்த வகைதான். ஆனால் அப்படி விற்கும்போது கையில் இருப்பது சரக்கு அல்ல, வாக்குறுதி மட்டுமே. அந்த வாக்குறுதியைக் கொடுத்தவர் நீங்கள். பணம் உங்கள் கணக்குக்கு வந்தது, பேரம் உங்கள் பக்கத்தில் நடந்தது. கோவை அம்மாவுக்குச் சூரத்காரர் யாரென்றே தெரியாது. ‘நான் நடுவில் இருப்பவள்தானே’ என்ற வாதம் இங்கே எடுபடாது. இரண்டு தரப்பைச் சேர்த்துவைத்துவிட்டு ஒதுங்கி நிற்கும் தளம் வேறு. தன் பெயரில் விலை சொல்லிப் பணம் வாங்குபவர் விற்பனையாளர்.

ஜூலை 24க்கு முன்னால் ஆர்டர் போட்டவர்கள் விஷயத்தில் நீங்கள் செய்தது வாக்குத் தவறியது. அது சிவில் விவகாரம், நுகர்வோர் சட்டத்தின் மொழியில் சேவைக் குறைபாடு. பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் பெரும்பாலும் அத்துடன் முடிந்துவிடும். ஜூலை 24க்குப் பிறகு பணம் வாங்கியது அப்படியல்ல. அப்போது ரீல் சொன்ன ‘ரெடி ஸ்டாக்’ பொய் என்று உங்களுக்குத் தெரியும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 இதை நியாயமற்ற வணிக நடைமுறை என்றும், தவறாக வழிநடத்தும் விளம்பரம் என்றும் பார்க்கும். அதற்கும் மேலே ஒரு படி இருக்கிறது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆம் பிரிவு மோசடியைப் பற்றிப் பேசுகிறது. நேர்மையற்ற எண்ணத்தோடு உண்மையை மறைப்பதும் ஏமாற்றுதான் என்று அதன் விளக்கமே சொல்கிறது. ஏமாற்றிப் பொருளையோ பணத்தையோ கொடுக்க வைத்தால் ஏழு ஆண்டு வரை சிறை.

பயமுறுத்த இதை எழுதவில்லை. ஒப்பந்தத்தை மீறியதே மோசடி ஆகிவிடாது, தொடக்கத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. சரக்கு வந்துவிடும் என்று நீங்கள் உண்மையாகவே நம்பினீர்கள், பிறகு வரவழைக்கவும் செய்தீர்கள். அது உங்கள் பக்கம் பேசும். ஆனால் ‘தொடக்கம்’ என்றால் எது? கல்யாண ஆர்டருக்குத் தொடக்கம் ஜூலை 26. அதற்கு இரண்டு நாள் முன்பே சப்ளையரின் மெசேஜ் உங்கள் போனில் இருக்கிறது.

கட்சிக்காரர்கள் விழும் முதல் குழி இந்த மெசேஜில்தான் இருக்கிறது. நோட்டீஸ் வந்ததும், தான் நிரபராதி என்று காட்டும் அவசரத்தில் சப்ளையரின் வாட்ஸ்அப் உரையாடல் முழுவதையும் எடுத்து, ‘பாருங்கள், தாமதம் அவரால்தான்’ என்று வாடிக்கையாளருக்கே அனுப்பிவிடுவார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் அதில் யார் தாமதித்தார் என்பதைப் பார்க்க மாட்டார். தேதியைத்தான் பார்ப்பார். ‘இந்தத் தேதிக்குப் பிறகும் ஏன் பணம் வாங்கினீர்கள்?’ என்ற கேள்வியை நீங்களே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். ஆகவே யாருக்கும் அந்த உரையாடலை அனுப்பாதீர்கள். அதே சமயம் அழிக்கவும் கூடாது. ‘சரக்கு இல்லை என்று எனக்குத் தெரியவே தெரியாது’ என்று பதிலில் எழுதவும் கூடாது. மறைப்பது ஒன்று, பொய் சொல்வது இன்னொன்று என்று நினைத்துக்கொண்டு இரண்டையும் செய்பவர்கள் இருக்கிறார்கள். அழித்த மெசேஜ் சூரத்காரரின் போனில் இருக்கும், ரீலின் ஸ்கிரீன்ஷாட் கோவையில் இருக்கும். அந்த ரீலையும் அதே போன்ற பதிவுகளையும் பொதுப் பார்வையிலிருந்து எடுங்கள், ஆனால் ஆர்க்கைவில் வையுங்கள்.

இரண்டாவது குழி வங்கிக் கணக்கு. இதைப் பலர் எதிர்பார்ப்பதே இல்லை. கோபத்தில் இருக்கும் வாடிக்கையாளர் இப்போதெல்லாம் நுகர்வோர் ஆணையத்துக்கு முதலில் போவதில்லை. இணையக் குற்ற உதவி எண்ணான 1930க்குப் போன் செய்து, ‘இன்ஸ்டாகிராமில் பணம் வாங்கிக்கொண்டு பொருள் அனுப்பவில்லை’ என்று மோசடிப் புகாராகப் பதிவு செய்கிறார். அந்தப் புகாரின் பேரில் பணம் போன கணக்கில் அந்தத் தொகை நிறுத்திவைக்கப்படும். சில சமயம் கணக்கு முழுவதுமே முடங்கும். புகார் கொடுத்தவர் வேறு ஊரில், வேறு மாநிலத்தில் இருந்தால், அங்கிருக்கும் விசாரணை அதிகாரிக்குக் கடிதம் எழுதி விடுவிக்கச் சொல்ல வேண்டும். கணக்கு முடங்கிய பிறகு மற்றவர்களுக்குத் திருப்பிக் கொடுக்க உங்களிடம் பணம் இருந்தும் அனுப்ப முடியாது. அதனால் அவர்களும் புகார் கொடுப்பார்கள். ஒருவரின் 2,400 ரூபாய், பதினோரு பேரின் புகாராக வளர்வது இப்படித்தான்.

ஆகவே காத்திருக்கும் அந்த 11 பேருக்கும் இன்றே பணத்தை அனுப்புங்கள். 26,400 ரூபாய். ‘இன்னும் நான்கு நாளில் வந்துவிடும், பொறுத்துக்கொள்கிறீர்களா’ என்று கேட்டு மறுபடி ஒரு தேதி கொடுக்காதீர்கள். நீங்கள் கொடுக்கும் ஒவ்வொரு புதுத் தேதியும் இன்னொரு மீறலாகத்தான் போய் முடியும். பணம் எந்தக் கணக்கிலிருந்து வந்ததோ அதே கணக்குக்குத் திருப்புங்கள். கணவர் கணக்குக்குப் போடுங்கள், கையில் தாருங்கள் என்றெல்லாம் கேட்டால் சம்மதிக்காதீர்கள், பிறகு வரவில்லை என்று சொல்லிவிட முடியும். அனுப்பியதும் ஆர்டர் தேதி, தொகை, அந்த வங்கிப் பரிமாற்றத்தின் யூடிஆர் எண் மூன்றையும் ஒரே மெசேஜில் எழுதி, பெற்றுக்கொண்டதாகப் பதில் வாங்குங்கள். பேமென்ட் கேட்வே வழியாகப் பணம் கட்டியவர்கள் இருந்தால், அவர்கள் ஏற்கெனவே வங்கியில் பணத்தைத் திரும்பக் கேட்டிருக்கிறார்களா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ஒரே ஆர்டருக்கு இரண்டு முறை கொடுப்பீர்கள்.

மீதி 20 பேர் தாமதமாக வந்த புடவையை வாங்கி வைத்துக்கொண்டார்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். அவர்களைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். காலம் முக்கியமாக இருந்த ஒப்பந்தத்தில் தாமதத்தை ஏற்றுப் பொருளை வாங்கிக்கொண்டவர், வாங்கும்போதே ‘இழப்பீடு கேட்பேன்’ என்று சொல்லியிருந்தால் ஒழிய, பிறகு தாமதத்துக்கு இழப்பீடு கேட்க முடியாது என்று இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 55ஆம் பிரிவு சொல்கிறது. அப்படி எழுதிவிட்டு வாங்கியவர் யாராவது இருக்கிறாரா என்று மெசேஜ்களைப் பாருங்கள். இருந்தால் அவரைத் தனியாகப் பேசி முடியுங்கள்.

கோவை அம்மாவுக்கும் அதே 55ஆம் பிரிவுதான், ஆனால் அவருக்குச் சாதகமாக. கல்யாணத் தேதியை அவர் ஆர்டரிலேயே சொன்னார். நீங்கள் ஆகஸ்ட் 20 என்று தேதியும் கொடுத்தீர்கள். இங்கே காலமே ஒப்பந்தத்தின் உயிர். முகூர்த்தம் முடிந்து இரண்டாம் நாள் வந்த புடவையை மறுக்க அவருக்கு முழு உரிமை உண்டு. புடவை தயாராக இருக்கிறது, எடுத்துக்கொள்ளட்டும் என்ற உங்கள் வாதத்துக்கு இடமில்லை. 73ஆம் பிரிவு அடுத்தது. தவறினால் என்ன நஷ்டம் வரும் என்று ஒப்பந்தம் போடும்போதே இரு தரப்புக்கும் தெரிந்திருந்தால், அந்த நஷ்டத்தையும் தர வேண்டும். அவர் கடையில் 3,600க்கு 18 எடுத்தால் 64,800. உங்களுக்குக் கொடுத்தது 43,200. வித்தியாசம் 21,600. பில்லைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அதே தரத்துப் புடவைதானா, உண்மையிலேயே 18தானா என்று பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு. பில் சரியாக இருந்தால் அந்தத் தொகையோடு சண்டை போடாதீர்கள்.

‘நோ ரீஃபண்ட்’ பலகை இங்கே உதவாது. நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகள் 2020, அறிவித்த காலத்துக்குப் பிறகு தாமதமாக வந்த பொருளைத் திரும்ப எடுக்கவோ பணத்தைத் திருப்பவோ விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்கின்றன. தளத்தின் வழியாக விற்பவருக்கும், சொந்தமாக நேரடியாக விற்பவருக்கும் இதே கடமைதான். வீட்டிலிருந்து செய்கிறேன், சின்ன வியாபாரம் என்பதும் விலக்கு அல்ல. தொழிலாகத் தொடர்ந்து செய்யாத தனிநபரின் எப்போதாவது நடக்கும் விற்பனைக்குத்தான் விலக்கு. அந்தப் பலகைக்கு ஒரே ஒரு இடத்தில் வேலை இருக்கிறது. சரியான நேரத்தில், சொன்னபடி போன பொருளை, ‘மனசு மாறிவிட்டது’ என்று திருப்பித் தர வருபவரிடம் அதைக் காட்டலாம். ஆர்டரின் பேரில் சாயம் போட்டு, அளவு எடுத்துச் செய்த பொருளுக்கு அது நியாயமான நிபந்தனையும்கூட.

தாமதத்துக்கு ஒரு விலக்கு விதியில் இருக்கிறது. வெள்ளம், ஊரடங்கு போல யார் கையிலும் இல்லாத காரணத்தால் தாமதமானால் அந்தக் கடமை பொருந்தாது. சப்ளையர் ஏமாற்றினார் என்பது அந்த வகையில் வராது. அவரைத் தேர்ந்தெடுத்தது நீங்கள், வேறு இடத்தில் வாங்க வழி இருந்ததும் உங்களுக்கே. எந்த மில்லின் சரக்கு என்று வாடிக்கையாளரிடம் சொல்லாமல் விற்றவர், அந்த மில் நின்றுவிட்டது என்று அவரிடமே காரணம் சொல்ல முடியாது.

இப்போது சமரசக் கணக்கு. 43,200ஐ உடனே அனுப்புங்கள், எந்த நிபந்தனையும் போடாமல். இதில்தான் பலர் கெட்டிக்காரத்தனம் காட்டி மாட்டிக்கொள்கிறார்கள். ‘பதிவை நீக்குங்கள், பணம் அனுப்புகிறேன்’ என்று ஒரு மெசேஜ் போதும். அவருக்கு உரிமையான பணத்தைப் பணயமாக வைத்து வாயை அடைக்கப் பார்த்தீர்கள் என்று ஆணையத்தில் அதையே முதல் ஆவணமாகப் போடுவார்கள். திருப்பித் தர வேண்டிய பணம் பேரப் பொருள் அல்ல. பேரம் அதற்கு மேலே இருக்கும் தொகைக்குத்தான். அங்கே 21,600 வித்தியாசத்தோடு, அலைச்சலுக்கும் நோட்டீஸ் செலவுக்கும் சேர்த்து பத்தாயிரம் வரை முன்வையுங்கள். 2 லட்சம் என்பது பேரத்தைத் தொடங்க எழுதும் எண். அதைப் பார்த்து மிரளவும் வேண்டாம், கோபப்படவும் வேண்டாம். மொத்தம் 75,000 அளவில் முடிந்தால் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். திரும்பி வந்த 18 புடவையும் உங்களிடம் இருக்கிறது. அதை விற்றால் கொஞ்சம் ஈடாகும். அதற்கு மட்டும் இப்போது தாராளமாக ‘ரெடி ஸ்டாக்’ என்று போடலாம்.

பேசி முடிந்ததும் எழுத்தில் வாங்குங்கள். ஆர்டர் தேதி, கொடுத்த தொகை, யூடிஆர் எண், இந்த ஆர்டர் சம்பந்தமாக இனி நுகர்வோர் ஆணையத்திலோ காவல் துறையிலோ கோரிக்கை இல்லை, ஏற்கெனவே ஏதாவது புகார் கொடுத்திருந்தால் அது தீர்ந்தது என்று தெரிவிப்பார் என்ற வரி, இரண்டு பேர் கையெழுத்து. இது இல்லாமல் சமரசத் தொகையை அனுப்பினால், அதை வாங்கிய பிறகும் மன உளைச்சலுக்கு வழக்கு வரலாம்.

நோட்டீஸுக்குப் பதில் அதில் சொன்ன கெடுவுக்குள் போக வேண்டும். ஒரு பக்கம் போதும். பணம் திருப்பப்பட்டது, பில்லைக் காட்டினால் வித்தியாசத்தைப் பேசத் தயார், 2 லட்சக் கோரிக்கை மறுக்கப்படுகிறது. சப்ளையர் கதை அதில் வர வேண்டாம்.

சமரசத்தை நான் இவ்வளவு வற்புறுத்த இன்னொரு காரணம், வழக்கு நடக்கும் ஊர். அவர் தான் வசிக்கும் கோவையிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க 2019 சட்டம் இடம் தருகிறது. 43,200 ரூபாய்ப் பரிவர்த்தனைக்கு அவர் கட்டணமும் கட்ட வேண்டியதில்லை. ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது. அவருக்குச் செலவு இல்லை, உங்களுக்கு மதுரையிலிருந்து கோவைக்கு வக்கீலும் வாய்தாவும். அறிவிப்பு வந்தால் பதிலுரைக்கு 30 நாள், ஆணையம் மனம் வைத்தால் இன்னும் 15 நாள். அதற்கு மேல் ஒருநாளும் கிடையாது என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2020இல் உறுதி செய்துவிட்டது. ‘அடுத்த வாய்தாவில் தாக்கல் செய்யலாம்’ என்று இருந்து 46ஆம் நாள் போனால், உங்கள் தரப்பைக் கேட்காமலே உத்தரவு வரும். மேல்முறையீட்டுக்கு உத்தரவிட்ட தொகையில் பாதியைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும். உத்தரவை நிறைவேற்றாவிட்டால் அதே 2019 சட்டத்தின் 72ஆம் பிரிவில் சிறைத் தண்டனைக்கும் வழி உண்டு. ஒரு லட்சத்துக்குக் கீழே முடிய வேண்டிய விஷயத்தை இந்தப் பாதையில் கொண்டுபோகாதீர்கள்.

அவதூறு பற்றி ஒரே வரி. வாங்கிய பணத்துக்குப் பொருள் தராத காலத்தில் எழுதிய பதிவுக்கு வழக்குப் போட்டால், ஜூலை 24ஐப் பற்றி உங்களைக் குறுக்கு விசாரணை செய்ய நீங்களே மேடை போட்டுக் கொடுக்கிறீர்கள்.

சப்ளையர் விஷயம் தனிக் கணக்கு. கோவை வழக்கில் அவரை இழுத்துவிடுவது உங்கள் பொறுப்பைக் குறைக்காது. நுகர்வோர் ஆணையத்துக்கும் நீங்கள் அவர்மீது போக முடியாது. மறுவிற்பனைக்கு வாங்குபவர் நுகர்வோர் அல்ல என்று சட்டத்தின் விளக்கமே சொல்கிறது. சிவில் வழக்கு போடலாம், மூன்று ஆண்டு காலம் இருக்கிறது. ஆனால் அவருடைய இன்வாய்ஸின் அடியில் ‘சூரத் நீதிமன்ற எல்லைக்கு உட்பட்டது’ என்று ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்கும். அதோடு, கோவைக்குக் கொடுத்த இழப்பீட்டை அவரிடம் கேட்க வேண்டுமானால், கல்யாணத் தேதியை நீங்கள் அவருக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும். அதே 73ஆம் பிரிவுதான் இங்கும். சொல்லவில்லை என்றால், நீங்கள் அவருக்குக் கொடுத்து இன்னும் சரக்கு வராத பணத்தை மட்டும்தான் உறுதியாகக் கேட்க முடியும். அதை அடுத்த கொள்முதலில் கழித்துக்கொள்ளச் சொல்லி எழுத்தில் வாங்குவது வழக்கைவிட வேகமானது.

அடுத்த ரீலில் இப்படி எழுதுங்கள்: ‘கையிருப்பு இல்லை. பணம் வந்த பிறகு வரவழைக்கப்படும். பணம் வந்த நாளிலிருந்து 25 நாளில் உங்கள் முகவரிக்கு வரும். வராவிட்டால் 5 நாளில் முழுப் பணமும் திரும்பும்.’ சப்ளையர் 15 நாள் என்றால் நீங்கள் 25 போடுங்கள். ‘டிஸ்பாட்ச்’ என்ற சொல்லை நாளோடு சேர்க்காதீர்கள். வாடிக்கையாளர் அதை வீட்டுக்கு வரும் நாளாகத்தான் படிப்பார், ஆணையமும் அப்படித்தான் படிக்க வாய்ப்பு அதிகம். நாளே சொல்லாமல் விடுவதும் தப்பிக்கும் வழி அல்ல. அப்போது ‘நியாயமான காலம்’ எது என்று வேறு ஒருவர் தீர்மானிப்பார். கல்யாணம், சீமந்தம், பண்டிகை என்று தேதி சொல்லிக் கேட்பவரிடம், சப்ளையர் சரக்கைத் தனியே எடுத்து வைத்துவிட்டேன் என்று அன்றைய தேதியில் எழுதித் தந்த பிறகே பணம் வாங்குங்கள். சரக்கு தீர்ந்தது என்று அவர் சொன்ன அந்த நிமிடமே விளம்பரத்தை நிறுத்துங்கள், கட்டிய பணம் போனாலும் சரி.